‘ரத்தம் வேண்டாம்’ என்பவரிடம் அடுத்து என்ன கேட்பது? அறநெறிப் பாடக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மேல்நிலை வகுப்புகளுக்கு மருத்துவ அறநெறிப் பாடம் தயாரிக்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

உறுப்பு தானம், ரத்தம் ஏற்றுதல், சமய நம்பிக்கை மூன்றையும் சேர்த்து நடத்தும் பாடத்தில் திரும்பத் திரும்ப ஒரே நிகழ்வுதான் மாணவர் கைக்கு வருகிறது. விபத்தில் அடிபட்ட ஒருவர் நினைவிழந்து கிடக்கிறார். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். ரத்தம் ஏற்றக்கூடாது என்று எழுதிய அட்டை அவர் சட்டைப்பையில் இருக்கிறது. மருத்துவர் என்ன செய்யவேண்டும்? இருநூறு சொற்களில் எழுதுக. மாணவர்களில் பாதிப்பேர் உயிர்தான் பெரிது என்பார்கள், மீதிப்பேர் அவரவர் விருப்பம் என்பார்கள். மணி அடித்துவிடும்.

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அறநெறி கற்பிக்க முடியாது என்பது எங்கள் கருத்து. நாங்கள் ரத்த வங்கியிலும் மயக்க மருத்துவத்திலும் சமய ஒப்பீட்டுப் படிப்பிலும் வேலை செய்கிறவர்கள். மருத்துவமனையில் இந்தச் சிக்கல் இந்த வடிவத்தில் வருவது அபூர்வம். பெரும்பாலும் நோயாளி விழித்திருப்பார், தெளிவாகப் பேசுவார், நாளும் இருக்கும். அங்கே தவறு நடப்பது ஏற்றலாமா கூடாதா என்ற இடத்தில் அல்ல, அதற்கு முன்னால். ‘ரத்தம் வேண்டாம்’ என்று அவர் சொன்னதும், எது வேண்டாம் என்று கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

ரத்த வங்கியில் ‘ரத்தம்’ என்று ஒரு பொருள் இப்போது கிட்டத்தட்ட இல்லை. கொடையாளியிடம் 350 அல்லது 450 மில்லி எடுக்கிறார்கள். அந்தப் பையைச் சுழலியில் வைத்துச் சுற்றினால் அடியில் சிவப்பணு படிகிறது, மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா நிற்கிறது, நடுவே மெல்லிய ஏடாக வெள்ளணுவும் தட்டணுவும். ஒவ்வொன்றும் தனித்தனிப் பைக்குப் போகிறது. சிவப்பணு 2 முதல் 6 டிகிரியில் குளிர்பெட்டியில் இருக்கும். தட்டணு அறை வெப்பத்தில், ஆட்டிக்கொண்டே இருக்கும் தட்டில் ஐந்து நாள் தாங்கும். பிளாஸ்மா உறைநிலையில் கிடக்கும். பிளாஸ்மாவை ஆலைக்கு அனுப்பினால் அதிலிருந்து இன்னும் நுணுக்கமாகப் பிரித்தெடுக்கிறார்கள்: ஆல்புமின், நோயெதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலின், ஹீமோஃபிலியா நோயாளிக்குப் போடும் உறைகாரணிகள்.

யெகோவாவின் சாட்சிகளின் ‘காவற்கோபுரம்’ இதழ் 2000 ஜூனில் கோடு போட்டது இந்தப் பிரிவினையை வைத்துத்தான். சிவப்பணு, வெள்ளணு, தட்டணு, பிளாஸ்மா ஆகிய நான்கும் முதன்மைக் கூறுகள், அவற்றை ஏற்கக்கூடாது. அவற்றிலிருந்து பிரித்தெடுத்த சிறு கூறுகளை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் மனசாட்சிக்கு விட்டது. அறுவையின்போது உடலிலிருந்து வெளியேறும் சொந்த ரத்தத்தைக் கருவியில் கழுவி அப்படியே திரும்பச் செலுத்துவதும் மனசாட்சிக் கணக்கில்தான் வந்தது. ஆனால் சொந்த ரத்தத்தையே முன்கூட்டி எடுத்துச் சேமித்துவைத்துப் பிறகு ஏற்றிக்கொள்வதை அதே ஆண்டு அக்டோபர் விளக்கம் ஏற்கவில்லை. இந்த விளக்கங்கள் காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கின்றன. பாடம் நடத்தும் ஆண்டில் நடப்பு நிலையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே ஒரே சபையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரில் ஒருவர் ஆல்புமின் போட்டுக்கொள்வார், மற்றவர் மாட்டார். இருவர் பையிலும் இருப்பது ஒரே மாதிரி அட்டை. Rh நெகட்டிவ் தாய்க்குப் பிரசவத்துக்குப் பின் போடும் ஆன்டி-டி ஊசிகூடக் கொடையாளிகளின் பிளாஸ்மாவிலிருந்து வருவதுதான். அதைச் சொன்னால் சிலர் வேண்டாம் என்பார்கள், சிலர் சரி என்பார்கள். சொல்லாமலே போட்டுவிட்டுப் பிறகு தெரியவந்தால் அந்த நோயாளி அடுத்தமுறை எந்த மருத்துவரையும் நம்பமாட்டார்.

இந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்பதை மாணவர்கள் படிக்கவேண்டும். இங்கேதான் சமயப் பாடம் உண்மையில் தொடங்குகிறது. ஆதியாகமம் 9ஆம் அதிகாரம் இறைச்சியை ரத்தத்தோடு உண்ணக்கூடாது என்கிறது. லேவியராகமம் 17 உயிர் ரத்தத்தில் இருக்கிறது என்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 15:29 ரத்தத்துக்கு விலகியிருக்கச் சொல்கிறது. வாயால் உண்பதும் நரம்பு வழியாக ஏற்றுவதும் ஒன்றே என்ற விளக்கம் 1945இல் ‘காவற்கோபுரம்’ இதழில் வந்தது. 1961இலிருந்து, ஏற்றிக்கொண்டு மனம் வருந்தாதவரைச் சபையிலிருந்து நீக்கினார்கள். மற்றக் கிறிஸ்தவத் திருச்சபைகள் பெரும்பாலும் இதே வசனங்களை உணவு பற்றிய விதியாகவே வாசிக்கின்றன.

யூதர்களை இதோடு ஒப்பிட்டால் வகுப்பு விழித்துக்கொள்ளும். ரத்தம் உண்ணக்கூடாது என்ற லேவியராகம விதியை அவர்கள் அளவுக்குச் சமையலறை வரை கொண்டுபோனவர்கள் இல்லை. இறைச்சியை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, கல்லுப்பை எல்லாப் பக்கமும் தூவி, சாய்த்துவைத்த பலகையில் ஒரு மணி நேரம் வடியவிட்டு, பிறகு நன்றாகக் கழுவித்தான் அடுப்பேற்றுவார்கள். ஈரலில் ரத்தம் மிகுதி என்பதால் உப்பு போதாது, நெருப்பில் வாட்டியாகவேண்டும். முட்டையை உடைத்ததும் ரத்தப் புள்ளி தெரிந்தால் முட்டையையே கொட்டிவிடுவார்கள். இவ்வளவு கறாராக இருக்கிறவர்கள் மருத்துவமனையில் ரத்தம் ஏற்றிக்கொள்வதற்குத் தயங்குவதே இல்லை. உயிரைக் காக்க, சிலை வழிபாடு, கொலை, தகாத உறவு என்ற மூன்றைத் தவிர எந்த விதியையும் மீறலாம் என்பதோடு, மீறியே ஆகவேண்டும் என்பதும் அவர்கள் சட்டம். இஸ்லாத்திலும் ரத்தம் உண்ணத் தடை உண்டு. அதே திருக்குர்ஆன் வசனம் (2:173) நிர்ப்பந்தத்துக்கு ஆளானவர் மீது குற்றமில்லை என்றும் சொல்கிறது. முஸ்லிம்கள் ரத்தம் கொடுப்பதும் ஏற்பதும் அந்த வழியில்தான்.

ஆக, தடை மூவருக்கும் ஒன்று. உயிர் போகும் நேரத்தில் தடை தளருமா என்பதில்தான் பிரிகிறார்கள். ‘சமயம் ரத்தத்தைத் தடுக்கிறது, மருத்துவம் கொடுக்கச் சொல்கிறது’ என்று பாடக்குறிப்பில் ஒரு வரி எழுதிவிட்டால் இந்த வேறுபாடு முழுக்க மறைந்துபோகிறது.

உறுப்பு மாற்று இதைவிடச் சுவையானது. 1967 நவம்பரில் இதே ‘காவற்கோபுரம்’ மற்றொரு மனிதரின் உறுப்பைப் பெறுவதை நரமாமிசம் உண்பதற்கு ஒப்பிட்டு எழுதியது. 1980 மார்ச்சில் அது மாறியது. வேதத்தில் இதற்கு நேரான தடை இல்லை, தனிமனிதர் முடிவெடுக்கலாம் என்றார்கள். இடையில் 12 ஆண்டுகளுக்கு மேல். அந்த 12 ஆண்டில் சிறுநீரகம் கிடைத்தும் மறுத்தவர்கள் நிலை என்ன என்று வகுப்பில் யாராவது ஒரு மாணவி கேட்பாள். கேட்கட்டும். ‘சமயம் என்ன சொல்கிறது’ என்ற கேள்விக்கு எப்போதும் ஒரு தேதியையும் சேர்த்துப் பதில் சொல்லவேண்டியிருக்கிறது என்பதை அவள் அதிலிருந்தே எடுத்துக்கொள்வாள்.

இன்றைய நிலையில் ஒரு யெகோவாவின் சாட்சி சிறுநீரகம் பெறலாம், இறந்தபின் கொடுக்கலாம். ரத்தம் மட்டும் கூடாது. தானமாக வரும் சிறுநீரகத்தில் கொடையாளியின் ரத்தம் இருக்காதா? எடுத்தவுடன் தமனி வழியாகக் குளிர்ந்த பாதுகாப்புக் கரைசலைச் செலுத்தி, வெளிவருவது தெளியும்வரை அலசுகிறார்கள். உறுப்பு சிவப்பு மாறி வெளிறிப்போகும். இருந்தாலும் திசுவுக்குள் கொடையாளியின் வெள்ளணுக்கள் கொஞ்சம் தங்கத்தான் செய்யும். நோயாளி கேட்டால் மருத்துவர் இதை மறைக்கக்கூடாது.

நீங்கள் கொடுக்கும் விபத்துக் கதைக்குப் பதிலாக மாணவர்களுக்குக் கொடுக்கலாம் என்று நாங்கள் நினைக்கும் நிகழ்வு இதுதான். பாடத்துக்காக அமைத்தது, எந்த நோயாளியின் கதையும் அல்ல. ஆனால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு படியும் மருத்துவமனையில் நடப்பது.

46 வயதுப் பெண், எடை 60 கிலோ, வாரம் மூன்று முறை டயாலிசிஸ். தம்பி சிறுநீரகம் கொடுக்க முன்வந்திருக்கிறார், பொருத்தமும் இருக்கிறது. அக்கா யெகோவாவின் சாட்சி, தம்பி இல்லை. ஹீமோகுளோபின் 8.5. மாற்று அறுவையில் வழக்கமாக ரத்தம் தேவைப்படாது, ஆனால் தையல் விட்டுப்போனால், ரத்தக்குழாய் கிழிந்தால், தேவைப்படும். அவர் எக்காரணத்தாலும் வேண்டாம் என்கிறார்.

முதலில் கணக்கு. 60 கிலோ பெண்ணின் உடலில் சுமார் 4 லிட்டர் ரத்தம் இருக்கும். ஹீமோகுளோபின் 7 வரை இறங்கலாம் என்று வைத்துக்கொண்டால், எவ்வளவு ரத்தம் போவதைத் தாங்குவார்? மொத்த ரத்தத்தை, தொடக்க அளவுக்கும் கடைசி அளவுக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, தொடக்க அளவால் வகுக்கவேண்டும். 4000 × 1.5 ÷ 8.5 என்றால் ஏறத்தாழ 700 மில்லி. அதாவது ஒரு சொம்புக்குக் குறைவு. அறுவையை ஆறு வாரம் தள்ளிவைத்து, இரும்பை நரம்பு வழியாகவும், சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபோயட்டின் ஊசியையும் கொடுத்து 11.5க்குக் கொண்டுவந்தால் 4000 × 4.5 ÷ 11.5, கிட்டத்தட்ட 1,560 மில்லி. தாங்கும் அளவு இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. இது தோராயக் கணக்குதான், ஆனால் பத்தாம் வகுப்புக் கணக்கு. மாணவர்களே போட்டுப் பார்க்கலாம்.

அப்படியானால் 14க்கு ஏற்றிவிடலாமே என்று ஒருவர் கேட்பார். சிறுநீரக நோயாளிக்கு அந்த ஊசியால் 13க்கு மேல் ஏற்றினால் பக்கவாதமும் ரத்தக்கட்டும் கூடுகின்றன. சாதாரணமாக 11.5ஐத் தாண்டவிடமாட்டார்கள். ரத்தம் ஏற்றுவதால் வரும் ஆபத்தைத் தவிர்க்கப் போய் வேறொரு ஆபத்தை வாங்குகிறோம் என்பதை நோயாளியிடம் சொல்லித்தான் முடிவெடுக்கவேண்டும். அந்த ஊசியில் சில வகைகளில் மருந்து கெடாமலிருக்க ஆல்புமின் சேர்த்திருப்பார்கள். அவர் ஆல்புமினை ஏற்பவரா என்று கேட்டாயிற்றா?

கேள்விப் பட்டியல் இங்கேதான் நீள்கிறது. புதிய சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாமலிருக்க அறுவை நாளிலேயே கொடுக்கும் மருந்துகளில் ஒன்று முயலின் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புப் புரதம். மனித ரத்தமில்லை, ஆனாலும் ரத்தத்திலிருந்து வந்த கூறு. அவர் ஏற்பாரா? ஒருவேளை உடல் உறுப்பைத் தள்ளத் தொடங்கினால் பிளாஸ்மாவை மாற்றும் சிகிச்சை தேவைப்படும். வெளியே எடுத்ததற்கு ஈடாக ஆல்புமின் ஊற்றலாம், கொடையாளி பிளாஸ்மா ஊற்றலாம். முதலாவது மனசாட்சிக் கணக்கு, இரண்டாவது தடை. கருவியில் கழுவித் திருப்பிச் செலுத்தும்போது குழாய் உடலோடு அறாமல் தொடர்ந்து இணைந்திருக்கவேண்டும் என்று பலர் நிபந்தனை வைப்பார்கள். அறுவை அறையில் அதற்குத் தனியாகக் குழாய் அமைக்கவேண்டும், அது முதல் நாளே தெரிந்தால்தான் முடியும். இந்த ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று அவர் கையால் எழுதிய பதில் கோப்பில் இருக்கவேண்டும். ‘ரத்தம் மறுப்பு’ என்று சிவப்பு மையில் எழுதிய ஒரு வரி இந்த வேலை எதையும் செய்யாது.

இந்தக் கேள்விகளை அவரிடம் தனியாகக் கேட்கவேண்டும். கணவரும் இருக்கக்கூடாது, மூப்பரும் இருக்கக்கூடாது, அமைப்பின் மருத்துவமனைத் தொடர்புக் குழுவிலிருந்து வந்தவரும் வெளியே காத்திருக்கட்டும். அந்தக் குழுவினர் பல நேரம் மருத்துவருக்கு உண்மையில் உதவுகிறார்கள், ரத்தமில்லாமல் அறுவை செய்யும் மருத்துவர் யார் என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் ரத்தம் ஏற்றுக்கொண்டால் குடும்பமும் சபையும் பேச்சை நிறுத்திவிடும் என்ற அச்சத்தில் சொன்ன ‘வேண்டாம்’, சொந்த நம்பிக்கையில் சொன்ன ‘வேண்டாம்’ இரண்டும் காதுக்கு ஒரே மாதிரிதான் கேட்கும். தனியாகக் கேட்டால் பெரும்பாலோர் அதே பதிலைத்தான் சொல்வார்கள். ஒரு சிலர் ‘யாருக்கும் தெரியாதென்றால் போடுங்கள்’ என்பார்கள். அந்த ஒரு சிலருக்காகத்தான் அந்தக் கதவைச் சாத்துகிறோம். அறுவைக்கு முன் கடைசியாக இன்னொரு முறையும் கேட்கவேண்டும், கோப்பில் தேதி, நேரத்தோடு.

அறுவைக்குப் பிறகு ரத்தத்தைச் சேமிப்பது பெரும்பாலும் சின்னச் சின்னச் சிக்கனம்தான். தீவிர சிகிச்சைப் பிரிவில் பரிசோதனைக்கென்று எடுக்கும் ரத்தமே நாளைக்கு 40 மில்லி வரை போகும். குழந்தைகளுக்கான சின்னக் குழாயில் எடுத்து, தேவையில்லாத பரிசோதனைகளைக் குறைத்தால் பாதி மிச்சமாகும். ரத்தப்போக்கு தொடங்கினால் பார்த்துக்கொண்டு நிற்க நேரமில்லை, உடனே திறந்து கட்டவேண்டும். மற்ற நோயாளிக்கு இரண்டு பை ஏற்றிக்கொண்டு காலை வரை பொறுக்கலாம், இவருக்கு முடியாது.

இப்படியும் அறுவை முடியுமா என்ற சந்தேகம் மாணவர்களுக்கு வரும். ஹூஸ்டனில் டென்டன் கூலி குழுவினர் யெகோவாவின் சாட்சிகளுக்கு ரத்தம் ஏற்றாமல் செய்த 542 இதய, ரத்தக்குழாய் அறுவைகளைப் பற்றி 1977இலேயே எழுதிவிட்டார்கள். அதற்காக ரத்தம் என்பதே தேவையில்லை என்று யாரும் முடிவுக்கு வந்துவிடவும் கூடாது. ரத்தம் மறுத்த 300 அறுவை நோயாளிகளைப் பற்றிய 2002ஆம் ஆண்டு ஆய்வொன்றில், அறுவைக்குப் பின் ஹீமோகுளோபின் 7.1 முதல் 8 வரை இருந்தவர்களில் யாரும் இறக்கவில்லை. 4.1 முதல் 5 வரை இறங்கியவர்களில் மூன்றில் ஒருவர் இறந்தார். இந்த இரண்டு எண்ணையும் நோயாளியிடம் சொல்லிவிட்டு, ‘இப்போது சொல்லுங்கள்’ என்று கேட்பதற்குப் பெயர்தான் தகவலறிந்த ஒப்புதல், தகவலறிந்த மறுப்பும்.

தம்பியை மறந்துவிடாதீர்கள். அவர் உறுப்பு கொடுக்கிறார், அவருக்கும் ரத்தம் போகலாம், அவருக்கு ரத்தம் ஏற்றத் தடையில்லை. ஆனால் அவரிடம் ஒரு கேள்வியைத் தனியாகக் கேட்கவேண்டும். நீங்கள் கொடுக்கும் சிறுநீரகம், ஒரு பை ரத்தம் ஏற்றாததால் அக்காவோடு சேர்ந்து போய்விடக்கூடும், தெரிந்துதான் கொடுக்கிறீர்களா? இதையே மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து வரும் சிறுநீரகமாக மாற்றிப் பாருங்கள், கேள்வி இன்னும் கூர்மையாகும். காத்திருப்போர் பட்டியலில் அடுத்து நிற்பவர் ரத்தம் மறுக்காதவர். உறுப்பு யாருக்குப் போகவேண்டும்? எங்களுக்குள்ளேயே இதில் ஒத்த கருத்து இல்லை. நம்பிக்கையைக் காரணம் காட்டிப் பட்டியலிலிருந்து நீக்கக்கூடாது, ஆனால் ரத்தப்போக்கு ஆபத்து அதிகமாக உள்ள நோயாளியை எந்த நம்பிக்கையாக இருந்தாலும் மருத்துவக் காரணத்துக்காகத் தள்ளிவைக்கலாம் என்பது எங்களில் பெரும்பாலோர் நிலை. அந்தக் கோடு நடைமுறையில் எவ்வளவு மெல்லியது என்பதும் தெரியும்.

ஒன்றைச் சொல்லவேண்டும். பிளாஸ்மா கூடாது, அதிலுள்ள புரதங்களைத் தனித்தனியாகப் பிரித்தால் கூடும் என்ற பிரிவினையைத் தர்க்கமாக நிலைநிறுத்துவது கடினம் என்றே நினைக்கிறோம். பிளாஸ்மாவில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர். அதைக் கழித்தால் மிச்சமிருப்பதில் பெரும்பகுதி ஆல்புமின். தாயின் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கு இயற்கையாகவே போகின்றனவே என்பது அவர்கள் தரப்பில் சொல்லப்படும் ஒரு வாதம். இதை வகுப்பில் தாராளமாக விவாதிக்கலாம். படுக்கையருகே விவாதிக்கக்கூடாது. நோயாளியின் நம்பிக்கை மருத்துவருக்குச் சரியாகப் படவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

உங்கள் விபத்துக் கதைக்கே சட்டம் பதில் சொல்லியிருக்கிறது என்பதையும் மாணவருக்குச் சொல்லலாம். கனடாவின் ஒன்டாரியோவில் 1979இல் விபத்தில் நினைவிழந்த ஒரு பெண்ணின் கைப்பையில் ரத்தம் வேண்டாமென்ற அட்டை இருந்தது. கையெழுத்து இருந்தது, தேதி இல்லை, சாட்சிக் கையெழுத்தும் இல்லை. மருத்துவர் ரத்தம் ஏற்றினார், அவர் பிழைத்தார், வழக்குப் போட்டார். 1990இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 20,000 டாலர் இழப்பீட்டை உறுதிசெய்தது. மருத்துவர் திறமையாக, நல்லெண்ணத்தோடுதான் செயல்பட்டார் என்பது ஒத்துக்கொள்ளப்பட்ட விஷயம். அப்படியும் அது அனுமதியில்லாமல் உடலைத் தொட்டதுதான்.

நாங்கள் முன்பே சொன்ன தவறு, அதாவது கேள்வியே கேட்காமல் விடுவது, எப்படி நடக்கிறது என்பதற்கு ஸ்பெயினில் 2018 ஜூனில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். சோரியா நகரத்தில் ரத்தப்போக்கோடு இருந்த ஒரு பெண் ரத்தம் வேண்டாமென்று மருத்துவமனையிலேயே எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். முன்கூட்டிய விருப்ப ஆவணமும் பதிவில் இருந்தது. ரத்தமில்லாமல் சிகிச்சை தரக்கூடும் என்ற எண்ணத்தில் மாட்ரிட்டுக்கு அனுப்பினார்கள். அவர் வந்து சேர்வதற்கு முன்பே மாட்ரிட் மருத்துவர்கள் பணியிலிருந்த நீதிபதிக்குத் தொலைநகல் அனுப்பினார்கள். அதில் எழுதியிருந்தது, நோயாளி எல்லா வகைச் சிகிச்சையையும் வாய்மொழியாக மறுத்துவிட்டார் என்று. அவர் மறுத்தது ரத்தத்தை மட்டும். மறுத்தது எழுத்தில். நீதிபதி, உயிரைக் காக்கத் தேவையானதைச் செய்ய அனுமதித்தார். வந்து இறங்கியபோது நோயாளி சுயநினைவோடு இருந்தார், யாரும் அவரிடம் கேட்கவில்லை. அறுவை நடந்தது, ரத்தம் ஏற்றப்பட்டது. 2024 செப்டம்பர் 17இல் ஸ்ட்ராஸ்பர்க்கின் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இதில் உரிமை மீறல் நடந்தது என்று தீர்ப்பளித்தது. முடிவெடுத்த வழிமுறையில், இன்றியமையாத தகவல்கள் விடுபட்டுப்போயின என்பதே அதன் சாரம். தொலைநகலில் இரண்டு சொல் தவறு. மாணவர்களை அந்தத் தொலைநகலைத் திருத்தி எழுதச் சொல்லுங்கள். அது இருநூறு சொல் கட்டுரையைவிட நல்ல தேர்வு.

வயது வராதவர்கள் விஷயம் தனி. உங்கள் வாசகர்கள் 16, 17 வயதுக்காரர்கள் என்பதால் இதைக் கடைசிப் பக்க அடிக்குறிப்பாக ஒதுக்கக்கூடாது. 1990இல் இங்கிலாந்தில், பதினாறாவது பிறந்தநாளுக்கு மூன்று மாதம் இருந்த ஒரு சிறுவனுக்கு ரத்தப்புற்றுநோய். சரியான மருந்து கொடுத்தால் எலும்பு மஜ்ஜை ஒடுங்கும், ஒடுங்கினால் ரத்தம் ஏற்றியாகவேண்டும். அவனும் பெற்றோரும் மறுத்தார்கள். நீதிபதி மருத்துவமனைக்கே போய் அவனிடம் பேசினார். புத்திசாலி, சாகலாம் என்று தெரிந்திருக்கிறது, ஆனால் அந்தச் சாவு எப்படி வரும், மூச்சு எப்படித் திணறும், பெற்றோர் அதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பது தெரியவில்லை என்று முடிவுசெய்து ரத்தம் ஏற்ற உத்தரவிட்டார். பதினெட்டு வயதானதும் அவன் மறுத்தான், இறந்துபோனான். அவனுக்கு அந்தச் சாவு எப்படி வரும் என்பதை மருத்துவர்கள் அதுவரை சொல்லியிருக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். சொல்லாமல் விட்டதைக் காட்டியே அவனுக்குத் தெரியாது என்று தீர்ப்பாயிற்று. இந்த ஓட்டையை உங்கள் மாணவர்களில் யாராவது கண்டுபிடித்தால் முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

கனடா உச்ச நீதிமன்றம் 2009இல், 14 வயது 10 மாதச் சிறுமி ஒருத்திக்கு ரத்தம் ஏற்ற உத்தரவிட வழிசெய்த சட்டம் செல்லும் என்றது. ஆனால் குழந்தையின் நலன் எது என்று பார்க்கும்போது அவளுடைய முதிர்ச்சிக்கும் எடை கொடுத்தாகவேண்டும், முதிர்ச்சி கூடக்கூட அந்த எடையும் கூடவேண்டும் என்றும் சொன்னது. இந்தியாவில் 18 வயது வரை பாதுகாவலர் ஒப்புதல்தான். பெற்றோர் நம்பிக்கையின் பேரில் மறுக்கும்போது மருத்துவர் நீதிமன்றத்தை அணுகவேண்டியிருக்கும், அதற்கும் நேரமில்லாத அவசரத்தில் நல்லெண்ணத்தோடு செய்தவருக்குக் குற்றவியல் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு.

வகுப்பறை பற்றி ஒரு வார்த்தை. நம் பள்ளிகளில் யெகோவாவின் சாட்சிக் குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கிறார்கள். தேசிய கீதம் பாடாமல் மரியாதையோடு எழுந்து நின்றதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட மூன்று கேரளப் பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 1986இல் தீர்ப்பளித்தது அந்தக் குடும்பங்களுக்கெல்லாம் நன்றாக நினைவிருக்கும். இந்தப் பாடத்தன்று அப்படி ஒரு பிள்ளையை எழுப்பி, ‘உங்க வீட்டுல என்ன சொல்லுவாங்க?’ என்று கேட்காதீர்கள். ஆசிரியர் கையேட்டில் இதைத் தடித்த எழுத்தில் போடவேண்டும்.

நிகழ்வை ஒரே தாளில் முழுதாகக் கொடுக்காமல் மூன்று வகுப்புகளாகப் பிரித்துக் கொடுங்கள். முதல் நாள் அக்காவின் வயது, எடை, 8.5 என்ற எண், ‘ரத்தம் வேண்டாம்’ என்ற ஒரே வாக்கியம். அவரிடம் என்னென்ன கேட்பீர்கள் என்று மாணவர்கள் எழுதட்டும். இரண்டாம் நாள் அவருடைய பதில்கள்: ஆல்புமின் சரி, முயல் புரதம் சரி, கழுவித் திருப்பிச் செலுத்துவது குழாய் அறாமலிருந்தால் சரி, பிளாஸ்மாவும் அணுக்களும் கூடாது. அதை வைத்து அறுவை நாளுக்கான திட்டத்தை எழுதட்டும். மூன்றாம் நாள் அறுவை முடிந்த இரவு. வடிகுழாயில் 600 மில்லி சேர்ந்திருக்கிறது, ஹீமோகுளோபின் 5.8, இன்னும் இறங்குகிறது, அவர் அரை மயக்கத்தில் இருக்கிறார், தம்பி மருத்துவரின் கையைப் பிடித்து ‘எம்மேல பழி வரட்டும், ஏத்துங்க’ என்கிறார். கோப்பில் அக்காவின் கையெழுத்து இருக்கிறது, அறுவைக்கு முந்தைய நாள் மாலை 6.40 என்று நேரமும் இருக்கிறது. மயக்க மருத்துவர் அடுத்து வாங்கவேண்டிய அனுமதி யாருடையது, அறுவை மருத்துவரை உடனே அழைத்து என்ன செய்யச் சொல்லவேண்டும், தம்பியிடம் என்ன சொல்லவேண்டும்? இந்த மூன்றையும் இந்த வரிசையிலேயே எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
குருதியேற்று மருத்துவம், மயக்க மருத்துவம், சமய ஒப்பீட்டுப் படிப்பு ஆகிய துறைகளில் பணிபுரிவோர் சிலர்